‘அழகான புடவை’ என்றால் எத்தனை மீட்டர்?

“அழகான பாரம்பரியப் புடவை, உயர்ந்த தரம், எல்லா விழாக்களுக்கும் ஏற்றது.” ஆன்லைனில் இப்படி ஒரு விவரிப்பைப் படிக்கிறவருக்கு எழும் முதல் சந்தேகம்: இது பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா?

அடுத்தது அளவு. 5.5 மீட்டர் புடவையோடு 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி சேர்ந்தால் மொத்தம் 6.3 மீட்டர். அதை எழுதாவிட்டால், ரவிக்கைத் துணி உண்டென்று நம்பி வாங்கியவர் புடவையைத் திருப்பி அனுப்புவார். சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்.

வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து வரிகளின் வரிசை மாறும். தினமும் அலுவலகம் போகிறவருக்குத் துவைக்கும் முறையும் சாயம் போகுமா என்பதும் முதலில் வேண்டும். கல்யாணத்துக்கு வாங்குகிறவர் சரிகையைப் பற்றிக் கேட்பார்.

தளத்தின் வரம்பும் உண்டு. எட்ஸியில் தலைப்புக்கு 140 எழுத்துக்குறிகள்தான். ‘அழகான’, ‘உயர்ந்த’ போன்ற சொற்களை எடுத்துவிட்டால் அதற்குள் எல்லாம் அடங்கும்: “கைத்தறிப் பருத்திப் புடவை, 5.5 மீ + ரவிக்கை 0.8 மீ, மெரூன், தினசரி உடுத்த.” சலவை முறை, சரிகை விவரம், நிறம் திரையில் சற்று மாறித் தெரியலாம் என்ற குறிப்பு ஆகியவை கீழே உள்ள விவரிப்புக்குப் போகலாம்.