டான்சில் ஆபரேஷனும் வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதமும்

‘உடல்நிலை சரியில்லாத காரணத்தால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ திடீரென்று வரும் காய்ச்சலுக்கு இந்த ஒரு வரி போதும். தேதி குறித்துச் செய்யும் டான்சில் ஆபரேஷனுக்கு இது போதாது. காய்ச்சல் விட்ட பிள்ளை மூன்றாம் நாளே ஓடியாடும். டான்சில் எடுத்த பிள்ளையோ மூன்றாம் நாளைவிட ஐந்தாம் நாளில் அதிகமாகத் துவண்டு கிடக்கும். இந்த வேறுபாடு தெரியாத ஆசிரியர், ‘ஆபரேஷன் முடிந்து ஒரு வாரமாகிவிட்டதே, ஏன் இன்னும் அனுப்பவில்லை?’ என்று கேட்பதில் தவறில்லை. அதை முன்கூட்டியே எடுத்துச் சொல்வதுதான் பெற்றோர் எழுதும் கடிதத்தின் வேலை.

‘தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது’ என்று நாம் சொல்வதைத்தான் டாக்டர்கள் டான்சில் வீக்கம் என்கிறார்கள். அடிக்கடி தொண்டைப் புண் வருகிறது என்பதற்காக மட்டும் உடனே அதை எடுத்துவிடுவதில்லை. ஒரே ஆண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறை கடுமையாக வந்திருக்க வேண்டும் என்பது மருத்துவ உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுவது இன்னொரு முக்கியக் காரணம். ஆக, ஆபரேஷன் வரை வந்த பிள்ளை அதற்கு முன்பே பல நாள் வகுப்பைத் தவறவிட்டிருக்கும்.

முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாகவே டான்சிலை எடுக்கிறார்கள். வெளியே தையலோ கட்டோ இருக்காது. அன்றைக்கே அல்லது மறுநாள் டிஸ்சார்ஜ் ஆகிவிடும். வெளியே எதுவும் தெரியாததால்தான் பலரும் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே, தொண்டையின் இரு பக்கமும் திறந்த புண் இருக்கிறது. அதன்மேல் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு படலம் படியும். பார்த்தால் சீழ் போலத் தெரியும், ஆனால் அது புண் ஆறுவதன் அடையாளம். அந்த நாட்களில் வாய் நாற்றமும் இருக்கும். காது வலிக்கிறது என்று பிள்ளை அழும். பெரும்பாலும் காதில் கோளாறு ஒன்றும் இருக்காது. தொண்டை வலியே காதில் தெரிகிறது.

சுமார் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அந்தப் படலம் உதிரும். அப்போது வலி மறுபடி கூடலாம். நூறு பேரில் ஒரு சிலருக்கு இரத்தக் கசிவும் வரலாம். எச்சிலோடு புது இரத்தம் வந்தாலோ, பிள்ளை எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதனால்தான் இரண்டு வாரம் ஓட்டம், குதித்தல், கூட்டம், வெளியூர்ப் பயணம் எதுவும் வேண்டாம் என்கிறார்கள். பள்ளிக்கு இரண்டு வாரம் லீவு கேட்பதற்கும் இதுதான் காரணம். சளி, இருமல் உள்ள பிள்ளைகளோடு நெருங்கி உட்கார்ந்தால் ஆறிவரும் புண்ணில் தொற்று ஏறலாம்.

இந்த நாட்கணக்கை வைத்து எழுதினால் கடிதம் எப்படி இருக்கும்? ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமிக்கு நவம்பர் 7, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அவளுடைய அம்மா பத்து நாள் முன்பே எழுதுகிறார்:

*மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு,*

*வணக்கம். 5-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகளுக்கு நவம்பர் 7, வெள்ளிக்கிழமை டான்சில் ஆபரேஷன் செய்ய டாக்டர் நாள் குறித்திருக்கிறார். இரண்டு வாரம் வீட்டில் ஓய்வு தேவை. நவம்பர் 7 முதல் 21 வரை விடுப்பு வேண்டுகிறேன். 24, திங்கட்கிழமை பள்ளிக்கு வருவாள். டாக்டரின் கடிதத்தை இணைத்துள்ளேன். அதற்குள் சளியோ காய்ச்சலோ வந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். அப்படியானால் உடனே தெரிவிக்கிறேன்.*

*முதல் வாரம் அவளால் படிக்க இயலாது. அந்த நாட்களில் வீட்டுப்பாடம் அனுப்ப வேண்டாம். 15-ஆம் தேதியிலிருந்து காலையும் மாலையும் இருபது நிமிடம் கணக்கு மட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறோம். இந்த இரண்டு வாரத்தில் எந்தெந்தப் பாடங்கள் நடத்தப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துத் தந்தால் உதவியாக இருக்கும். மற்ற பாடங்களின் நோட்டுகளைத் தோழியிடம் வாங்கி ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்ள அனுமதி வேண்டும். விடுபட்ட வகுப்புத் தேர்வுகளை டிசம்பர் முதல் வாரத்தில் எழுத வாய்ப்புத் தர வேண்டுகிறேன்.*

*பள்ளிக்கு வந்தபின் வகுப்பில் தண்ணீர் குடிக்க அனுமதியுங்கள். முதல் வாரம் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம். டாக்டர் சரி என்று எழுதித் தரும்வரை விளையாட்டுப் பீரியடில் உட்கார்ந்திருக்கட்டும். வாயில் இரத்தம் தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் எனக்கும் கீழே உள்ள மருத்துவமனை எண்ணுக்கும் அழையுங்கள். மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம்.*

*இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள…*

கடிதம் இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இதில் மூன்று இடங்களைச் சற்று விளக்க வேண்டும்.

முதலாவது, தேதி மாறக்கூடும் என்ற வரி. நவம்பர் மழைக்காலம். மூக்கு ஒழுகும் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாயில் சிக்கல் வரக்கூடும் என்பதால் மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனைச் சில வாரம் தள்ளிவைப்பார். காலையில் வெறும் வயிற்றோடு போன பிள்ளையை அப்படியே திருப்பி அனுப்புவதும் உண்டு. எனவே வீட்டில் திட்டம் போடும்போது தேதியை நம்பாமல் ‘ஆபரேஷன் ஆன எட்டாம் நாள்’, ‘பதினைந்தாம் நாள்’ என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தேதி நகர்ந்தாலும் திட்டம் கலையாது.

இரண்டாவது, கணக்கு மட்டும் என்ற முடிவு. தமிழ், சமூக அறிவியல் பாடங்களைப் பிள்ளை படுத்துக்கொண்டே அம்மாவோ பாட்டியோ வாசிக்கக் கேட்கலாம். ஒரு பாடம் விட்டாலும் அடுத்த பாடம் புரியும். கணக்கு அப்படியல்ல. வகுப்பில் பின்னங்கள் நடக்கிறது என்று வையுங்கள். ½, 2/4, 4/8 எல்லாம் ஒன்றுதான் என்ற சமான பின்னம் பிடிபடாத பிள்ளைக்கு, ½-ஐயும் ¼-ஐயும் கூட்டுவதற்கு முதலில் பகுதியை ஒன்றாக்க வேண்டும் என்பது விளங்காது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதிவிடும். எனவே எட்டாம் நாளிலிருந்து முதல் மூன்று நாள் சமான பின்னம் மட்டும் போதும். ஒரு தாளை மடித்து மடித்துக் காட்டினால் எழுத வேண்டிய வேலைகூட இல்லை. பிறகு நாளுக்கு நான்கைந்து கணக்கு போதும். வாயைத் திறந்து சொல்ல வேண்டாம், தாளில் போட்டால் போதும்.

எந்த நேரம் என்பதும் முக்கியம். இரவெல்லாம் தொண்டை காய்ந்திருப்பதால் விடிந்ததும் வலி அதிகமாக இருக்கும். அப்போது புத்தகத்தை எடுக்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் வலி மருந்து கொடுத்து, இளநீரோ ஆறிய கஞ்சியோ குடிக்க வைத்து, அரைமணி நேரம் கழித்து உட்காரச் செய்யுங்கள். குழந்தை குடிக்க மறுத்து, சிறுநீரும் குறைந்துவிட்டால் அன்று பாடத்தை மூடிவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, ஜெராக்ஸ். இரண்டு வாரம் கழித்துத் திரும்பும் பிள்ளையின் பெரிய சுமை பாடம் அல்ல, நோட்டு. ஐந்து பாடத்துக்கும் விட்டுப்போனதை எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால், இரவு பத்து மணி வரை கை வலிக்க எழுதும். அதில் ஒரு வரிகூட மனதில் நிற்காது. கணக்கை மட்டும் தானே போட்டு எழுதட்டும், மற்றவற்றை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டட்டும் என்று ஆசிரியர் அனுமதித்தால், அந்த நேரம் முழுதும் புரிந்துகொள்வதற்குக் கிடைக்கும். நவம்பர் 24-இலிருந்து டிசம்பர் 5 வரை இரண்டு வாரத்தில், ஒரு நாளைக்கு விட்டுப்போன ஒரே ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. டான்சிலோடு அடினாய்டையும் எடுத்திருந்தால் சில வாரம் குரல் மூக்கால் பேசுவது போல மாறியிருக்கும். வகுப்பில் ஒருவன் சிரித்தால் பிள்ளை வாயே திறக்காது, தண்ணீர் கேட்கவும் தயங்கும். ‘அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, குரல் சீக்கிரம் சரியாகிவிடும்’ என்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடலாம். அதற்கு முன், சொல்லலாமா என்று பிள்ளையையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல் பிடுங்குவதற்கு இவ்வளவு நீண்ட கடிதம் வேண்டாம். மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு பல்லை எடுத்தால் பெரும்பாலும் மறுநாளே பள்ளிக்குப் போகலாம். ஆனால் பல் எடுத்த அன்று நேராக வகுப்புக்கு அனுப்பாதீர்கள். உதடு சில மணி நேரம் மரத்திருக்கும். உணர்வில்லாமல் பிள்ளை அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். ஒரு நாள் விடுப்பு, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, பலமாகக் கொப்பளிக்கக் கூடாது என்று நான்கு வரி எழுதினால் போதும்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வந்த அன்றே டாக்டரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: எத்தனை நாள் ஓய்வு, எப்போது விளையாடலாம், இரவில் இரத்தம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது. அந்தப் பதில்கள் கையில் இருந்தால் வகுப்பாசிரியருக்கான கடிதத்தில் பாதி எழுதி முடித்ததாக வைத்துக்கொள்ளலாம்.