புரொபேஷன் நீட்டிப்பு: கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

"தங்கள் பணித்திறன் எதிர்பார்த்த அளவில் இல்லாததால், தகுதிகாண் காலம் மறு அறிவிப்பு வரும் வரை நீட்டிக்கப்படுகிறது." பல நிறுவனங்களில் புரொபேஷன் நீட்டிப்புக் கடிதம் என்பது இந்த ஒரு வாக்கியம்தான். ஆறு மாதம் உழைத்து, வேலை நிரந்தரமாகப் போகிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பவர் இதைப் படித்தால் அவருக்கு எதுவும் விளங்காது. என்ன குறை என்றும் தெரியாது, எதுவரை காத்திருக்க வேண்டும் என்றும் தெரியாது. போகச் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டி வேறு இடத்தில் வேலை தேடத் தொடங்குவார். நீட்டிப்பு என்ற செய்தியைவிட, அதில் உள்ள இந்த மொட்டைத்தன்மைதான் ஆளைச் சோர வைக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். 2025 ஜூலை 1 அன்று ஓர் இளம்பெண் ஜூனியர் மெர்ச்சண்டைசராகச் சேர்கிறார். ஆறு மாத புரொபேஷன் டிசம்பர் 31 அன்று முடிகிறது. பையரிடம் பேசுவதில் கெட்டிக்காரர். காஸ்டிங் ஷீட்டைப் பிழையில்லாமல் போடுகிறார். ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அவர் கையில் இருந்த நான்கு ஆர்டர்களில் இரண்டுக்கு சாம்பிள் தாமதமாகப் போயிருக்கிறது. ஒன்று ஐந்து நாள், மற்றொன்று எட்டு நாள். இன்னோர் ஆர்டரில் பையர் சொன்ன திருத்தம் தையல் பிரிவுக்குப் போய்ச் சேரவே இல்லை. நிரந்தரமாக்க நிர்வாகத்துக்குத் தயக்கம், விட்டுவிடவும் மனமில்லை.

கடிதம் எழுதும் முன் எச்.ஆர். முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அவருடைய நியமன ஆணையை. புரொபேஷனை நீட்டிக்கலாம் என்று அதில் இருக்கிறதா, அதிகபட்சம் எவ்வளவு காலம், எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். அதிகபட்ச வரம்பு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. பஞ்சாப் ஆசிரியர்கள் தொடர்பான தரம் சிங் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்பளித்தது. விதியில் மூன்று ஆண்டு என்று உச்ச வரம்பு இருக்க, அதற்குப் பிறகும் அவர்களை வேலையில் வைத்திருந்தார்கள். அப்படியானால் அவர்கள் நிரந்தரமாகிவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். அது அரசுப் பணி வழக்கு. தனியார் நிறுவனத்தில் ஒப்பந்தத்தின் வாசகமே முதலில் பேசும். ஆனாலும் "மறு அறிவிப்பு வரும் வரை" என்று எழுதுவது எங்கேயும் வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

அதனால் கடிதத்தில் நாள் வேண்டும். "தங்கள் தகுதிகாண் காலம் 2026 ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை மூன்று மாதங்களுக்கு நீட்டிக்கப்படுகிறது" என்று தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும். மூன்று மாதம் என்பதற்கும் காரணம் இருக்க வேண்டும். புதிய ஆர்டர் வந்து சாம்பிள் வேலை முடிந்து உற்பத்திக்குப் போகும் கட்டத்தைப் பார்க்க அது போதுமான காலம். ஒரு மாதத்தில் எதையும் மதிப்பிட முடியாது, ஆறு மாதம் வீண் தண்டனை. கடிதம் டிசம்பர் 31க்கு முன்பே கைக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய காலம் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பின்தேதியிட்டுக் கொடுப்பது நேர்மையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

அடுத்தது காரணம். இங்கேதான் பெரும்பாலான கடிதங்கள் சறுக்குகின்றன. "பொறுப்பின்மை", "ஈடுபாடு குறைவு" என்பவை ஆளைப் பற்றிய தீர்ப்புகள். படிப்பவர் அவற்றைத் திருத்திக்கொள்ள வழியில்லை. நடந்ததை மட்டும் எழுதினால் வழி தெரியும்: "அக்டோபர், நவம்பரில் இரண்டு ஆர்டர்களின் சாம்பிள்கள் டி அண்ட் ஏ அட்டவணையில் குறித்த நாளுக்கு ஐந்து, எட்டு நாள் பிந்தின. ஓர் ஆர்டரில் பையரின் திருத்தம் தையல் பிரிவுக்குத் தெரிவிக்கப்படவில்லை." ஆர்டர் உறுதியான நாளிலிருந்து ஷிப்மென்ட் வரை எந்த வேலை எந்த நாளில் முடிய வேண்டும் என்று காட்டும் அட்டவணைதான் டி அண்ட் ஏ. அதை வைத்துப் பேசும்போது யாருடைய அபிப்பிராயமும் குறுக்கே வராது.

நடத்தை மீதான குற்றச்சாட்டுகளை இந்தக் கடிதத்தில் கலக்கவே கூடாது. கொல்கத்தாவின் சத்யேந்திரநாத் போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையத்தில் புரொபேஷனில் இருந்த தீப்தி பிரகாஷ் பானர்ஜியின் வழக்கில், பணிநீக்க ஆணை குறிப்பிட்டிருந்த பழைய கடிதங்களில் இருந்த குற்றச்சாட்டுகளே அவர்மீது களங்கம் கற்பிப்பதாக 1999இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்து, நீக்கத்தை ரத்து செய்தது. ஒழுங்கீனம் என்றால் அதற்குத் தனி விசாரணை இருக்கிறது.

நிறுவனத்தின் பங்கையும் கடிதம் மறைக்கக் கூடாது. இந்த உதாரணத்தில், அந்தப் பெண்ணுக்கு வேலை கற்றுத்தர வேண்டிய சீனியர் செப்டம்பரில் விலகிவிட்டார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு, ஜனவரி முதல் யார் உடனிருந்து வழிநடத்துவார் என்று எழுதினால், கடிதத்தின் மீது அவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

எதிர்பார்ப்புகள் இரண்டு மூன்று போதும். ஆனால் அவை அவர் கைக்குள் இருக்கும் வேலைகளாக இருக்க வேண்டும். "எந்த சாம்பிளும் தாமதமாகக் கூடாது" என்று எழுதினால் அநியாயம். சாயப்பட்டறையில் துணி தேங்கினால் அவர் என்ன செய்வார்? இப்படி எழுதலாம்: "பையரின் திருத்தங்களை ஒரு வேலை நாளுக்குள் உற்பத்திப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சாம்பிள் பிந்தும் என்று தெரிந்தால், குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பாவது மேலாளரிடம் சொல்ல வேண்டும்." இதைச் செய்தாரா இல்லையா என்பதை மெயில்களே காட்டிவிடும். ஜனவரி 30, பிப்ரவரி 27 ஆகிய நாட்களில் மேலாளருடன் ஆய்வு, மார்ச் 25க்குள் முடிவு என்றும் சேர்த்துவிட வேண்டும். அந்த ஆய்வுகள் உண்மையிலேயே நடக்க வேண்டும். குறைகளை உரிய நேரத்தில் சொன்னால்தான் ஒருவர் திருத்திக்கொள்ள முடியும் என்று, ஒரு தற்காலிக மருத்துவரை நீக்கிய சுமதி ஷெரே வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பாராட்டை எங்கே வைப்பது? "நீங்கள் அருமையாகப் பழகுகிறீர்கள், ஆனாலும்..." என்று தொடங்கினால் யாரும் முன்பாதியை நம்ப மாட்டார்கள். நீட்டிப்புக்கான காரணமாகவே அதைச் சொல்லலாம்: "காஸ்டிங்கிலும் பையர் தொடர்பிலும் தங்கள் வேலை திருப்தியாக இருப்பதால், மற்றவற்றைச் சரிசெய்யக் கால அவகாசம் தர விரும்புகிறோம்." சம்பளம், விடுப்பு, பி.எஃப். ஆகியவற்றில் மாற்றம் இல்லை என்றால் அதையும் எழுத வேண்டும். வாங்குபவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி அதுதான். மார்ச் முடிவில் நிரந்தரம், நிரந்தரம் இல்லை என்ற இரண்டுமே சாத்தியம் என்பதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும்.

கடிதத்தை மெயிலில் அனுப்பிவிட்டு ஒதுங்கக் கூடாது. மேலாளர் அவரைத் தனியாக உட்கார வைத்து, முதலில் தமிழில் பேச வேண்டும். அவர் தரப்பையும் கேட்க வேண்டும். தேதியோ விவரமோ தவறு என்று அவர் காட்டினால் திருத்திய பிறகே கையெழுத்து. அந்தக் கையெழுத்து பெற்றுக்கொண்டதற்குத்தான், குறையை ஒப்புக்கொண்டதற்கு அல்ல என்பதையும் கடிதத்தின் அடியில் அச்சிட்டுவிடலாம்.

இப்படியொரு கடிதம் உங்கள் கைக்கு வந்தால், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். புரியாத வரி இருந்தால் அதே வாரத்தில் மெயிலில் விளக்கம் கேளுங்கள். எழுதும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆளை அனுப்புவதென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டால், நீட்டிப்புக் கடிதம் எழுதாதீர்கள். நேரில் சொல்லி, உரிய நோட்டீஸ் கொடுத்து விடுவியுங்கள். அந்த மூன்று மாதத்தில் அவர் வேறு நல்ல வேலையைத் தேடிக்கொள்வார்.