அலுமினியம் குளோரைடு ஏன் புகைகிறது?

நீரற்ற அலுமினியம் குளோரைடு உள்ள குப்பியை ஈரக்காற்றில் திறந்தால் வெண்புகை கிளம்பும். காற்றின் ஈரத்தோடு அது வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடுகிறது. சமையலுப்பான சோடியம் குளோரைடோ எவ்வளவு நேரம் திறந்து கிடந்தாலும் புகையாது. இரண்டுமே உலோகமும் குளோரினும் சேர்ந்தவைதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

1923இல் காசிமிர் ஃபஜான்ஸ் சொன்ன விளக்கம் இது. நேரயனி சின்னதாகவும் மின்சுமை மிகுந்ததாகவும் இருந்தால், பக்கத்திலுள்ள எதிரயனியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைக்கும். இழுபட்ட மேகம் இரண்டு அணுக்களுக்கும் நடுவில் தங்கிவிட்டால், அங்கே சகப்பிணைப்புத் தன்மை வந்துவிடுகிறது.

சோடியம் அயனியின் ஆரம் 102 பிக்கோமீட்டர், சுமை ஒன்று. மக்னீசியத்துக்கு 72, சுமை இரண்டு. அலுமினியத்துக்கு 54தான், சுமையோ மூன்று. ஆரம் பாதியாகச் சுருங்க, சுமை மும்மடங்காகிறது. உருகுநிலையில் இதைப் பார்க்கலாம்: சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருகும், மக்னீசியம் குளோரைடு 714இல். அலுமினியம் குளோரைடு ஏறக்குறைய 180 டிகிரியிலேயே உருகாமல் நேரே ஆவியாகிவிடும்.

இழுப்பவர் மட்டும் போதாது, இழுபடுபவரும் இளகியவராக இருக்க வேண்டும். குளோரைடுக்குப் பதில் ஃபுளூரைடை வையுங்கள். அதன் ஆரம் 133 பிக்கோமீட்டர், குளோரைடுடையது 181. சிறிய ஃபுளூரைடின் வெளி எலக்ட்ரான்கள் கருவுக்கு அருகே இறுக்கமாகப் பிடிபட்டிருப்பதால் எளிதில் அசைந்து கொடுக்காது. அதே அலுமினியம்தான், ஆனாலும் அலுமினியம் ஃபுளூரைடு ஆவியாக 1,200 டிகிரிக்கும் மேலே போக வேண்டும்.

உருகுநிலையை மட்டும் நம்பினால் தவறலாம். அது படிக அமைப்பையும் பொறுத்தது. அதைவிட நல்ல சோதனை, உருக்கிய நிலையில் மின்சாரம் செலுத்திப் பார்ப்பது. உருகிய சமையலுப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அலுமினியம் குளோரைடை அழுத்தத்தில் உருக்கினால் அநேகமாகக் கடத்தாது. அங்கே இருப்பவை அயனிகள் அல்ல, இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட Al₂Cl₆ மூலக்கூறுகள்.

ஆரத்தையும் சுமையையும் மட்டும் பார்ப்பவர் சறுக்கும் இடம் வெள்ளி. அதன் அயனி 115 பிக்கோமீட்டர், சோடியத்தைவிடப் பெரியது, சுமையும் ஒன்றுதான். அந்தக் கணக்குப்படி வெள்ளி குளோரைடு சமையலுப்பைவிட அயனித்தன்மை மிகுந்ததாக இருக்க வேண்டும். ஆனால் அது 455 டிகிரியிலேயே உருகுகிறது, நீரில் கரைவதே இல்லை எனலாம். காரணம், வெள்ளி அயனியின் வெளிக்கூட்டில் உள்ள பத்து d எலக்ட்ரான்கள் கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை. அந்த இழுப்பு வெளியே கசிகிறது. இறுகிய ஃபுளூரைடோடு சேர்ந்தால் வெள்ளி உப்பு நீரில் தாராளமாகக் கரையும். மேகம் மிக இளகிய அயோடைடோடு சேர்ந்தாலோ, கரையாத மஞ்சள் வீழ்படிவாகச் சோதனைக்குழாயின் அடியில் தங்கிவிடும்.