அஞ்சு சென்டுக்கு எத்தனை கிராம் வெண்டை?

போன வாரம் என் சித்தப்பா மகன் விதைக்கடையில் நின்றபடி ஒரு போட்டோ அனுப்பினான். வெண்டை விதைப் பாக்கெட்டின் பின்பக்கம். "அண்ணே, நம்ம அஞ்சு சென்டுக்கு எவ்வளவு வாங்கட்டும்?"

பளபளக்கும் உறையில் விளக்கு வெளிச்சம் பட்டு, இடைவெளி 80 x 30 போலத் தெரிந்தது. பாக்கெட்டைச் சாய்த்து மறுபடி எடுக்கச் சொன்னேன். 60 x 30 செ.மீ. முதல் எண் வரிசைக்கு வரிசை, இரண்டாவது செடிக்குச் செடி. 80 என்றே எடுத்திருந்தால் ஐந்து வரிசை குறைந்திருக்கும்.

இடம் 60 அடி நீளம், 36 அடி அகலம். 30 செ.மீ. ஏறக்குறைய ஓர் அடி. ஆக வரிசைகளுக்கு நடுவே 2 அடி, செடிகளுக்கு நடுவே 1 அடி. அகலத்தில் 18 வரிசை வரும். தண்ணீர் வாய்க்காலுக்கு ஒரு வரிசை போனால் மீதி 17. வரிசைக்கு 60 குழி, மொத்தம் 1,020. பரப்பை மட்டும் வகுத்துப் பார்ப்பவர்கள் வாய்க்காலை மறந்துவிடுவார்கள்.

அடுத்தது முளைப்புத்திறன். வெண்டைக்குக் குறைந்தபட்சம் 65 சதவீதம் என்று அந்த லேபிளிலும் இருந்தது. 1,020-ஐ 0.65-ஆல் வகுத்தால் சுமார் 1,570 விதை. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். முளைக்கும் விதையின் எண்ணிக்கை இதில் சரியாக வரும், ஆனால் எந்த விதை எந்தக் குழியில் பொய்க்கும் என்று யாருக்குத் தெரியும்? குழிக்கு ஒன்று போட்டால் நூற்றில் 35 குழி காலி. இரண்டு போட்டால், இரண்டுமே பொய்ப்பது நூற்றில் 12 குழிதான். இரண்டும் முளைத்த இடத்தில் நலிந்ததைப் பிடுங்கிவிடலாம்.

எனவே 2,040 விதை. காலியாகும் 125 குழிக்காகச் சின்னப் பைகளில் அதே நாளில் ஊன்றிவைக்க இன்னும் 190. வெண்டை வேர் அசைந்தால் வாடும்; பைக்கன்றை மண்கட்டியோடு வைக்க வேண்டும்.

விதையை எண்ணித் தருவதில்லை, எடைபோட்டுத்தான் தருகிறார்கள். வெண்டையில் 100 விதை சுமார் 6 கிராம். 2,230 விதைக்கு 134 கிராம். சரிபார்க்க ஒரு வழி: அஞ்சு சென்ட் ஏக்கரில் இருபதில் ஒரு பங்கு. 134-ஐ இருபதால் பெருக்கினால் ஏக்கருக்கு 2.7 கிலோ. பாக்கெட்டில் அச்சிட்ட ஏக்கர் அளவு இதைவிட வெகுவாக விலகினால், போட்டோவில் ஏதோ ஓர் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறோம். அல்லது குழிக்கு ஒரு விதை என்ற கணக்கில் அச்சிட்டிருக்கிறார்கள்.

தம்பி 100 கிராம் ஒன்று, 50 கிராம் ஒன்று வாங்கினான். மீதி வரும் விதையில் நூறை ஈரத்துணியில் சுற்றிவைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

பாக்கெட்டைக் கிழிக்கும் முன் இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். விதை முளைக்காமல் போய் முறையிட நேர்ந்தால், ரசீதோடு லாட் எண்ணையும் கேட்பார்கள்.