கொழுப்பு மாத்திரையைக் கடாசாதீங்க!

"டாக்டர், கொழுப்பு மாத்திரை போட்டதிலேர்ந்து ரெண்டு தொடையும் கடுக்குது. நிறுத்திட்டேன்!"

இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவர் இப்படிச் சொன்னால் டாக்டருக்குத்தான் நெஞ்சு அடைக்கும். ஸ்டாட்டின் மாத்திரையால் சிலருக்குத் தசை வலி வருவது நிஜம். அதற்கு வழிமுறை உண்டு.

அவர் சாப்பிட்டது அடார்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். முதலில் ரத்தத்தில் சி.கே. என்ற தசை என்சைம், தைராய்டு இரண்டையும் பார்ப்பார்கள். தைராய்டு குறைந்தாலும் தசை வலிக்குமே! இரண்டும் நார்மல் என்றால், டாக்டர் கண்காணிப்பில் 2 முதல் 4 வாரம் நிறுத்தம். அப்படியும் வலி போகாவிட்டால் குற்றவாளி வேறு ஆள்!

வலி போனாலும் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. 2020-ல் வெளியான லண்டன் ஆய்வில், ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவிகிதம் வெறும் டம்மி மாத்திரை மாதங்களிலும் வந்தது!

எனவே மறுபடி சோதனை. ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒத்துக்கொண்டால் தினமும். கொழுப்பு போதிய அளவு இறங்காவிட்டால் கூடவே எசிடிமைப் 10 மில்லிகிராம். எந்த ஸ்டாட்டினும் ஒத்துவராவிட்டால் பெம்பிடோயிக் அமிலம் இருக்கிறது.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கடும் வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.