எந்தத் திட்டத்தோடு ஒப்பிட்டு மிச்சம்?

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, பிரிட்டிஷ் அரசு கணக்கை மூடியது. ஒதுக்கியது ஏறக்குறைய 930 கோடி பவுண்டு, செலவானது 877 கோடி, மிச்சம் சுமார் 53 கோடி. ஒலிம்பிக்ஸ் நடத்திய நகரங்கள் கடனில் மூழ்கிய கதைகளையே கேட்டுப் பழகியவர்களுக்கு இது அதிசயமாக இருந்தது. ஆனால் அதே ஒலிம்பிக்ஸுக்கு, அதே 877 கோடியை வைத்துக்கொண்டு, “செலவு மூன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது” என்று எழுதியவர்களும் இருந்தார்கள். இரு தரப்பும் கூட்டல் கழித்தலில் தவறவில்லை.

கணக்கு எளியதுதான். செலவான தொகையிலிருந்து திட்டமிட்ட தொகையைக் கழிக்க வேண்டும். வருவதைத் திட்டமிட்ட தொகையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். வீடு கட்ட 40 லட்சம் என்று எஸ்டிமேட் போட்டு 46 லட்சத்தில் முடிந்தால், கூடிய 6 லட்சத்தை 40-ஆல் வகுக்கிறோம். 15 சதவீதம் கூடுதல். இதையே 46-ஆல் வகுத்து “13 சதவீதம்தானே சார் ஏறியிருக்கு” என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி வகுத்தால் செலவு எவ்வளவு எகிறினாலும் கூடுதல் ஒருபோதும் நூறு சதவீதத்தைத் தொடாது. அதனால்தான் வகுக்கும் எண் எப்போதும் திட்டத் தொகையாக இருக்க வேண்டும் என்பது விதி. சில அலுவலகக் கணக்குகளில் திட்டத்திலிருந்து செலவைக் கழிப்பார்கள். அங்கே கூட்டல் குறி இருந்தால் மிச்சம் என்று பொருள். அறிக்கையில் குறியைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாமல், எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

லண்டனுக்கு வருவோம். 930 கோடியை அடியில் வைத்தால் கிட்டத்தட்ட 6 சதவீத மிச்சம். ஆனால் 930 கோடி என்பது முதலில் சொன்ன தொகை அல்ல. 2005 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த கூட்டத்தில் லண்டன் போட்டியை வென்றபோது, அரசு தரப்பிலிருந்து தேவைப்படும் என்று மக்களிடம் சொல்லப்பட்டது 240 கோடி பவுண்டுக்குச் சற்றே குறைவு. அதை அடியில் வைத்தால் 637 கோடி கூடுதல், அதாவது 265 சதவீதம். இடையில் நடந்தது என்ன? 2007 மார்ச்சில், ஒலிம்பிக்ஸுக்குப் பொறுப்பான அமைச்சர் டெஸ்ஸா ஜோவல் நாடாளுமன்றத்தில் 932 கோடியே 50 லட்சம் பவுண்டு என்று புதிய பட்ஜெட்டை அறிவித்தார். அது பிறகு சற்றுக் குறைக்கப்பட்டு 930 கோடி ஆனது. அன்று முதல் எல்லா அறிக்கைகளும் புதிய எண்ணையே அளவுகோலாகக் கொண்டன. பழைய எண் வரலாறாகிவிட்டது.

இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே பொருளை அளக்கவில்லை. 240 கோடியில், கிழக்கு லண்டனில் பூங்கா அமையவிருந்த நிலத்தைச் சீர்திருத்தி உள்கட்டமைப்பு போடும் செலவு சேரவில்லை. அது வேறு துறைகளின் கணக்கில் இருந்தது. அதையும் தனியார் தருவார்கள் என்று எதிர்பார்த்த தொகையையும் சேர்த்தால், தொடக்க மதிப்பீடே 400 கோடியைச் சற்றுத் தாண்டும். அந்த அடிப்படையில் கூடுதல் சுமார் 117 சதவீதமாக இறங்குகிறது. மதிப்புக் கூட்டு வரியும் முதல் எண்ணில் இல்லை. பிறகு சேர்ந்தபோது அது மட்டும் 80 கோடிக்கு மேல். அரசு தன் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பைக்குப் போட்டுக்கொள்ளும் பணம் அது. இருந்தும் சதவீதத்தை ஏற்றுகிறது. போலீஸ், பாதுகாப்புக்கு 60 கோடி தனியாகச் சேர்ந்தது. தனியார் பணமோ நினைத்த அளவு வரவே இல்லை. அந்த ஓட்டையையும் அரசுதான் அடைத்தது. ஆக, உயர்வில் ஒரு பகுதி முன்பே இருந்தும் எண்ணாமல் விட்ட செலவு, ஒரு பகுதி உண்மையிலேயே ஏறிய செலவு. 265 என்ற ஒற்றை எண்ணில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

இப்போது மிச்சத்தின் பக்கம். 2007-இல் அறிவித்த பட்ஜெட்டுக்குள் ஏறத்தாழ 270 கோடி எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கி வைத்த கையிருப்பு. கட்டுமானத் துறையில் கண்டிஜென்சி என்பார்கள். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது, விலைவாசி எப்படிப் போகும் என்று தெரியாததால் வைப்பது. பெரிய வேலைக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் அதைத் திட்டத் தொகைக்குள் சேர்த்துவிட்டு, முழுதும் செலவாகவில்லை என்பதை மிச்சம் என்று சொல்லும்போது சற்று நிதானிக்க வேண்டும். கையிருப்பை விலக்கி, வேலைக்கென்று ஒதுக்கிய 660 கோடியை மட்டும் அடியில் வைத்தால், 877 கோடி செலவு 33 சதவீதக் கூடுதலாகத் தெரிகிறது. என் கணிப்பில், திட்டத்தை நடத்தியவர்களின் திறமையை எடைபோட இந்த 33-தான் மற்றவற்றைவிட நேர்மையான எண். எதிர்பாராதது எவ்வளவு வந்தது என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது. அதோடு, அதைத் தாங்கும் அளவுக்கு முன்யோசனை இருந்ததா என்பதையும் சொல்லிவிடுகிறது. இருந்தது.

இந்தியாவிலும் இதே கேள்வி எழும். 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களின் செலவு உயர்வைப் புள்ளியியல் அமைச்சகம் சதவீதமாக வெளியிட்டு வந்திருக்கிறது. அதில் முதலில் அனுமதித்த தொகையோடு ஒப்பிடப்படுவது இதுவரை செலவான தொகை அல்ல. முடியும்போது ஆகும் என்று எதிர்பார்க்கும் தொகை. இது சரியான முறைதான்.

ஏனென்றால் பாதி வழியில் நிற்கும் வேலைக்குச் செலவை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மேலே சொன்ன 40 லட்ச வீட்டையே எடுங்கள். ஆறாம் மாதத்துக்குள் 20 லட்சம் செலவாகும் என்று திட்டம். ஆனது 16 லட்சம். தாளில் 20 சதவீத மிச்சம். ஆனால் அந்நேரம் கூரைக் கான்கிரீட் போட்டிருக்க வேண்டும், சுவர் மட்டும்தான் எழும்பியிருக்கிறது. முடிந்த வேலையின் மதிப்பை எஸ்டிமேட்டில் தேடினால் 12 லட்சம்தான் வருகிறது. அதாவது 12 லட்ச வேலைக்கு 16 லட்சம் கொடுத்திருக்கிறோம்: 33 சதவீதக் கூடுதல். மிச்சம் என்று தெரிந்தது உண்மையில் தாமதம். செலவை மூன்று எண்களாகப் பிரித்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்: இந்நேரத்துக்குத் திட்டமிட்ட தொகை, முடிந்த வேலையின் திட்ட மதிப்பு, ஆன செலவு. அரசுத் துறைகளின் ஆண்டுக் கணக்கில் ஒதுக்கீடு செலவாகாமல் கிடக்கும்போதும், சிக்கனமா, வேலையே நடக்கவில்லையா என்று இதே வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

லண்டன் கணக்குக்கும் மூடிய தேதி என்று ஒன்று உண்டு. போட்டி முடிந்ததும் பிரதான ஸ்டேடியத்தைக் கால்பந்துக் கிளப் ஒன்று ஆடும் மைதானமாக மாற்றும் வேலை தொடங்கியது. புதிய கூரையும், ஓடுதளத்தின் மேல் முன்னே தள்ளி வைக்கக்கூடிய இருக்கைகளும் வேண்டியிருந்தன. 19 கோடி பவுண்டில் முடியும் என்று மதிப்பிட்ட இந்த மாற்றம் கடைசியில் 32 கோடியே 30 லட்சம் ஆனது என்று 2017-இல் லண்டன் மேயர் வெளியிட்ட ஆய்வு சொன்னது. 70 சதவீதக் கூடுதல். இதில் பெரும்பகுதி ஒலிம்பிக்ஸ் ஒதுக்கீட்டுக்கு வெளியே நடந்த செலவு என்பதால், 53 கோடி மிச்சம் என்ற கணக்கு அப்படியே நிற்கிறது.