நாலு சின்ன விளக்கு, ஓர் இரவுக் காட்சி

‘உள். வீடு. இரவு. மங்கலான வெளிச்சம்.’ குறும்படத் திரைக்கதைகளில் இப்படித் தொடங்கும் காட்சிகள் ஏராளம். எழுதியவருக்கு அந்த மங்கல் மனக்கண்ணில் தெரிந்திருக்கும். ஆனால் படப்பிடிப்பு நடக்கும் வீட்டில் கையில் பல்பும் ஹோல்டருமாக நிற்கிற பையனுக்கு அந்த வரி எதையுமே சொல்வதில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் முகத்தில் விழ வேண்டும், எந்த வசனத்தில் மாற வேண்டும் என்று அவன் கேட்டால் பதில் இல்லை. கடைசியில் ஹாலில் இருக்கிற டியூப்லைட்டையே போட்டு எடுத்துவிடுகிறார்கள்.

திரைக்கதையில் தொழில்நுட்பம் எழுதக் கூடாது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதுண்டு. தயாரிப்பாளர் படிக்கப் போகும் பிரதிக்கு அது சரிதான். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, எலெக்ட்ரிக்கல் கடை பல்புகளை வைத்து எடுக்கும் படத்தின் வேலைப் பிரதி வேறு வகை. அங்கே எழுதுபவரே இயக்குநர். பல நேரம் லைட்டைப் பிடிப்பவரும் அவர்தான். ஆனாலும் அந்தப் பிரதியிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். பார்வையாளர் காண்பதும் பாத்திரங்கள் செய்வதும் காட்சி வரிகளில் வரட்டும். வாட், தூரம், ஒயர் எல்லாம் ஓரத்துக்குப் போகட்டும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இரவு ஒரு மணி. மகன் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வருகிறான். லைட் போட்டால் அம்மா விழித்துக்கொள்வாள் என்று இருட்டிலேயே நடந்து ஃபிரிட்ஜைத் திறக்கிறான். அம்மா தூங்கவில்லை, ஜன்னலை ஒட்டிய சுவரோரம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வேலைப் பிரதியில் அது இப்படி இருக்கலாம்:

“ஹால் இருட்டு. சாமி அலமாரியில் ஒரு சின்ன பல்பு மட்டும். தெருவிளக்கு ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் போட்டிருக்கிறது. செல்வம் ஃபிரிட்ஜைத் திறக்கிறான். அது திறந்திருக்கும் வரைதான் அவன் முகமும் வலது கையும் தெரியும். தண்ணீர் குடிக்கிறான்.
அம்மா (இருட்டிலிருந்து): கைல என்னடா காயம்?
செல்வம் ஃபிரிட்ஜை மூடுகிறான். முகம் மறைகிறது.
செல்வம்: ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கலயா?
அம்மா எழுந்து சுவிட்சைப் போடுகிறாள். டியூப்லைட் மூன்று முறை மினுக்கி எரிகிறது.”

இதில் ‘மங்கல்’ என்ற சொல்லே இல்லை. எந்த விளக்கு எப்போது எரிகிறது, யார் அதை மாற்றுகிறார், அப்போது எது தெரிய வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. காயம் தெரிவதும் பொய் சொல்லும்போது முகம் மறைவதும் கதையின் விஷயங்கள். ஆனால் அவற்றைச் செய்வது ஃபிரிட்ஜின் வெளிச்சம். அதனால்தான் இந்தக் குறிப்பு திரைக்கதைக்குள்ளேயே இருக்க வேண்டியிருக்கிறது. இனி ஓரத்தில் எழுத வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலில் தெருவிளக்கு. ஜன்னலுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பைக் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எரிய விட்டுப் பார்த்தால் கம்பி நிழல் கலங்கித் தெரியும். காரணம், சாதாரண எல்.இ.டி. பல்பின் பால்நிற மூடி முழுவதுமே ஒளி தருகிறது. ஒளி வரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மழுங்கும். கம்பி நிழல் கூர்மையாக வேண்டுமானால் ஒரு சிறு புள்ளியிலிருந்து ஒளி வர வேண்டும். மலிவான எல்.இ.டி. டார்ச் இந்த வேலையைப் பல்பைவிட நன்றாகச் செய்யும். ஓரக் குறிப்பில் ‘வெளியே டார்ச், பட்டர் பேப்பர் வேண்டாம்’ என்று எழுதினால் முடிந்தது. கதை நடக்கும் ஆண்டையும் பக்கத்தில் குறிப்பது நல்லது. பழைய சோடியம் விளக்கு ஆரஞ்சு நிறம். இன்று பெரும்பாலான தெருக்களில் வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது.

அம்மாவுக்கென்று தனி விளக்கு எதுவும் கிடையாது. புதிதாக எடுப்பவர்கள் தயங்குகிற இடம் இது. இருட்டில் இருப்பவரை முற்றிலும் இருட்டில் வைத்தால் திரையில் கறுப்பு மட்டும்தான் மிஞ்சும். அவரைக் காட்ட அவர் மேல் வெளிச்சம் போட வேண்டியதில்லை, அவருக்குப் பின்னால் உள்ள சுவர் வெளிச்சமாக இருந்தால் போதும். கம்பி நிழல் விழும் சுவருக்கு முன்னால் அம்மாவை உட்கார வைத்தால் தலையும் தோளும் தனியாகப் பிரிந்து தெரியும். முகம் தெரியாது. கேள்வி இருட்டிலிருந்து வர வேண்டும் என்பதால் இந்தக் காட்சிக்கு அதுவே தேவை.

சாமி அலமாரி விளக்கில் ஒரு பொறி இருக்கிறது. நம் வீடுகளில் அங்கே எரிவது பெரும்பாலும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. சிவப்பு எல்.இ.டி. சிவப்பை மட்டுமே தருகிறது. கேமராவில் அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்து, பக்கத்தில் உள்ள முகமோ படமோ விவரம் இழந்த சிவப்புத் திட்டாகிவிடும். மஞ்சள் ஒளி தரும் அரை வாட் பல்பை மாட்டினால் பிரச்சினை தீரும். சிவப்புதான் வேண்டுமென்றால் யாரும் அதன் அருகே போகாதபடி நடமாட்டத்தை எழுத வேண்டும். எப்படியானாலும் ஃபிரேமுக்குள் தெரியும் பல்பு மிகச் சின்னதாகவே இருக்கட்டும். அது அறைக்கு வெளிச்சம் தருவதற்காக இல்லை, எரிகிறது என்று காட்டுவதற்காக.

காட்சியின் உயிர் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதன் சொந்த பல்பு பெரும்பாலும் உள்ளே பின்புறமோ மேலேயோ இருப்பதால் வெளிச்சம் காய்கறிக்குத்தான் போகும், முகத்துக்கு வராது. அதோடு கம்ப்ரசர் இரையும். ஒலிப்பதிவுக்காக ஃபிரிட்ஜை ஆஃப் செய்ய வேண்டும். செய்தால் அந்த பல்பும் அணைந்துவிடும். தீர்வு எளிது. ஐந்து வோல்ட் எல்.இ.டி. பட்டை ஒன்றை ஃபிரிட்ஜின் உள்விளிம்பில், கேமராவுக்குத் தெரியாத பக்கமாக ஒட்டி, பவர் பேங்க்கில் செருகிவிடலாம். பட்டை எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். கதவின் ரப்பர் விளிம்பு மூடிக்கொண்டால் வெளிச்சம் கசியாது, திறந்தால் விழும். சுவிட்ச் போட ஆள் தேவையில்லை, நடிகரின் கையே விளக்கை இயக்கும். (ஆஃப் செய்த ஃபிரிட்ஜை மறந்துவிட்டுப் போகாமலிருக்க ஒலிப்பதிவாளர்கள் தங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே போட்டு வைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். அந்த வீட்டுக்காரரின் தோசை மாவு பிழைத்துக்கொள்ளும்.)

சின்ன விளக்கு முகத்துக்கு அருகே இருப்பதால் இன்னொரு சிக்கலும் வரும். பல்பு போன்ற சிறிய விளக்கில் தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகும். 9 வாட் பல்பு ஒன்று ஒரு மீட்டரில் ஏறக்குறைய 100 லக்ஸ் தந்தால் இரண்டு மீட்டரில் 25 தான். பெரிய விளக்கு தொலைவில் இருந்தால் நடிகர் ஓர் அடி நகர்ந்தாலும் வித்தியாசம் தெரியாது. இங்கே அரை மீட்டரில் நிற்பவர் கால் மீட்டருக்குக் குனிந்தாலே முகம் வெளுத்துவிடும். எனவே ‘குனிந்து பாட்டிலை எடுக்கிறான்’ என்பதைவிட ‘கையை மட்டும் நீட்டி எடுக்கிறான்’ என்று எழுதுவது பாதுகாப்பு.

ஃபோகஸும் அந்த வரியால்தான் தப்பிக்கும். ஐ.எஸ்.ஓ. 800, லென்ஸ் எஃப் 1.8, ஷட்டர் 1/50 என்று வைத்தால் சாதாரண வெளிச்சமாகத் தெரிய சுமார் 50 லக்ஸ் வேண்டும். இரவாகத் தெரிய அதில் பாதியே போதும். சின்ன விளக்குகள் இதைத் தாராளமாகத் தரும். ஆனால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை அவ்வளவு திறந்து ஒன்றரை மீட்டரில் நிற்பவரை எடுத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய 10 செ.மீ. மட்டுமே தெளிவாக இருக்கும். ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்தின் மெழுகுவத்திக் காட்சிகளை நாசாவுக்காகச் செய்யப்பட்ட எஃப் 0.7 ஜைஸ் லென்ஸில் எடுத்தார். அந்தக் காட்சிகளில் நடிகர்கள் அதிகம் அசையாமல் இருப்பதற்கு இந்தக் குறுகிய தெளிவு ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக டியூப்லைட். உண்மையான டியூப்பைப் போட்டால் அதுவரை இருட்டுக்காகத் திறந்து வைத்த கேமராவில் அறை முழுக்க வெளுத்துவிடும். எனவே அம்மா சுவிட்சைத் தொடும்போது வேறொன்றுதான் எரிய வேண்டும். ஃபிரேமுக்கு மேலே ஒரு தெர்மாகோல் அட்டை, அதை நோக்கித் திருப்பிய 5 வாட் பல்பு. ஒளி அட்டையில் பட்டுத் திரும்பிப் பரந்து இறங்கும். சுப்ரதா மித்ரா ‘அபராஜிதோ’வுக்காக (1956) செட்டின் முற்றத்துக்கு மேல் துணியை விரித்து, அதில் விளக்கொளியைத் திருப்பிவிட்டுக் காசி வீட்டின் பகலைக் கொண்டுவந்த உத்தியின் எளிய வடிவம் இது. எல்.இ.டி. டியூப் சட்டென்று எரியும். மினுக்கி எரிவது சோக், ஸ்டார்ட்டர் உள்ள பழைய டியூப். அதனால் ஓரத்தில் ‘சுவிட்சை ஒருவர் மூன்று முறை தட்ட வேண்டும், நாலாவதில் எரிய விட வேண்டும்’ என்று எழுத வேண்டும். தட்டப்போகும் நபரின் பெயரும் அங்கேயே இருக்கட்டும்.

நிறங்களுக்கு ஒரு வரி போதும். கேமராவை 4300 கெல்வினில் வைத்தால் 6500 கெல்வின் டார்ச் நீலமாகவும், 3000 கெல்வின் சாமி விளக்கு மஞ்சளாகவும் பிரியும். ஃபிரிட்ஜும் ‘டியூப்பும்’ 4000 கெல்வினில் இருந்தால் வெள்ளையாகத் தெரியும்.

இவ்வளவு செய்தும் படத்தில் கோடு கோடாக ஓடினால் காரணம் மின்சாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்புகள் விழுந்து கோடு மறையும். பல செல்போன்கள் ஷட்டரை 1/50-ல் நிறுத்தாமல் தாமாகவே மாற்றிக்கொள்வதால்தான் அங்கே கோடு விழுகிறது. வாங்கிய பல்பைச் சோதிக்க, போனின் ஷட்டரை 1/1000-க்கு மாற்றி, அந்த பல்பு பட்ட வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது துடிக்கிற பல்பு. அதை டிம்மரில் மாட்டிக் குறைக்கவும் முயல வேண்டாம், துடிப்பு கூடும். தூரத்தாலோ பட்டர் பேப்பராலோ குறைக்கலாம்.

செலவழிக்கப் பணம் கொஞ்சமே இருந்தால் அதை ஃபிரிட்ஜுக்குள் ஒட்டும் பட்டையில் போடுங்கள். மகனின் முகத்தில் விழுவது அது ஒன்றுதான். நிறத் தரத்தைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 80 உள்ள பட்டையில் தோல் சாம்பல் பூத்தாற்போல் வரும், காயத்தின் சிவப்பும் சோர்ந்துவிடும். டப்பாவில் 95 என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். மற்ற மூன்று விளக்குகளும் வீட்டில் கிடப்பவையாகவே இருக்கலாம்.